எதிர்வீட்டு வாடகையை வைத்து உங்கள் வீட்டு வாடகையைச் சொல்ல முடியுமா?

மே மாதம் பிறந்தால் சென்னைத் தெருக்களில் டூ-லெட் போர்டுகள் தொங்கத் தொடங்கிவிடும். பள்ளி திறப்பதற்குள் வீடு மாறியாக வேண்டிய குடும்பங்களும், காலியான வீட்டுக்கு ஆள் பிடித்தாக வேண்டிய உரிமையாளர்களும் ஒரே நேரத்தில் அலைகிறார்கள். இரு தரப்பும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இந்த வீட்டுக்கு என்ன வாடகை? கிடைக்கும் பதில் பெரும்பாலும் காதில் விழுந்த ஒரு தொகை. "எதிர் பில்டிங்குல இருபத்திமூணு வாங்குறாங்களாம்." அந்த 'வாங்குறாங்களாம்' மீதுதான் ஒரு குடும்பத்தின் மாதச் செலவும், இன்னொரு குடும்பத்தின் ஓய்வுகால வருமானமும் நிற்கின்றன.

எதிர் பில்டிங்கைப் பார்ப்பதில் தவறில்லை. வாடகையைக் கணிக்க அதைவிட நல்ல வழி கிடையாது. ஆனால் எதிர் பில்டிங்கில் உண்மையில் என்ன தொகைக்கு முடிந்தது, அந்த வீட்டுக்கும் இந்த வீட்டுக்கும் என்னென்ன வித்தியாசம், அந்த வித்தியாசங்களுக்கு எவ்வளவு கழிப்பது, எவ்வளவு கூட்டுவது என்பதை யாரும் உட்கார்ந்து பார்ப்பதில்லை. ஒரு தாளும் பேனாவும் அரை நாள் நடையும் போதுமான வேலை இது.

வீட்டின் விலை வாடகையைச் சொல்லாது

"எழுபது லட்சம் போட்டு வாங்கியிருக்கேன், பதினெட்டாயிரத்துக்கு எப்படி விட முடியும்?" என்று கேட்கும் உரிமையாளரை எல்லோருக்கும் தெரியும். அவருடைய வருத்தம் நியாயமானது, கணக்கு தவறானது. குடிவருபவர் அவருடைய வங்கிக் கடனுக்காக வாடகை கொடுப்பதில்லை. அதே பணத்துக்கு அதே பகுதியில் வேறு எந்த வீடு கிடைக்கும் என்பதை வைத்தே கொடுக்கிறார்.

இந்தக் குழப்பத்துக்குச் சட்டத்திலேயே ஒரு பழைய வேர் உண்டு. 1960-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கட்டிட வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 'நியாய வாடகை'யைக் கட்டிடச் செலவு, மனை மதிப்பு ஆகியவற்றிலிருந்து கணக்கிட்டது. குடியிருப்பு என்றால் மொத்த மதிப்பில் ஆண்டுக்கு 9 சதவீதம். மற்றவை என்றால் 12 சதவீதம். இன்றைய மனை விலைக்கு இதைப் போட்டுப் பாருங்கள். 70 லட்சத்துக்கு 9 சதவீதம் என்றால் மாதம் 52,500 ரூபாய். புறநகரில் அந்த விலையுள்ள இரண்டு படுக்கையறை ஃபிளாட்டுக்கு அதில் பாதிகூட யாரும் தரமாட்டார்கள்.

அந்தச் சட்டத்தின் இடத்தில் 2017-ஆம் ஆண்டின் புதிய சட்டம், 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. இதன்படி வாடகை என்பது இரு தரப்பும் ஒப்புக்கொண்டு எழுதும் தொகை. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும். செலவுக் கணக்கு போய்விட்டது. பேசி முடிப்பது வந்துவிட்டது. பேசுவதற்கு இரு தரப்பிடமும் ஆதாரம் வேண்டுமே, அது மட்டும் வரவில்லை.

எந்த வீட்டோடு ஒப்பிடுவது?

முதலில் கழிக்க வேண்டியவற்றைக் கழித்துவிடுவோம். இணையத்தில் பார்க்கும் விளம்பரத் தொகை வாடகை அல்ல. அது உரிமையாளரின் விருப்பம். இரண்டு மாதமாக அதே படத்தோடு, அதே தொகையோடு ஒரு விளம்பரம் நின்றுகொண்டிருந்தால், அந்தத் தொகைக்கு ஆள் வரவில்லை என்பதே அது சொல்லும் செய்தி. அதை உச்சவரம்பாகக் குறித்துக்கொள்ளலாம். ஒப்பீடாக எடுக்கக் கூடாது.

எட்டு வருடமாக ஒரே வீட்டில் இருப்பவர் கொடுக்கும் வாடகையும் உதவாது. நல்ல குடித்தனக்காரர் போய்விடக் கூடாது என்று உரிமையாளர் விட்டுக்கொடுத்த தொகை அதில் கலந்திருக்கும். உறவினருக்கு விட்ட வீடு, கம்பெனி எடுத்திருக்கும் வீடு, தலைக்கு இவ்வளவு என்று நான்கு பேச்சிலர்களுக்கு விட்ட வீடு ஆகியவையும் அப்படித்தான். மொத்தமாகச் சில லட்சம் வாங்கிக்கொண்டு மாத வாடகை இல்லாமல் விடும் போக்கியம் முற்றிலும் வேறு கணக்கு.

மிஞ்சுவது இதுதான்: நடந்து போகும் தூரத்தில், அதே எண்ணிக்கை அறைகள் உள்ள, கடந்த ஆறு மாதத்துக்குள் குடும்பம் ஒன்று குடிவந்த வீடு. அப்படி மூன்று கிடைத்தால் போதும். ஐந்து கிடைத்தால் அதிர்ஷ்டம். நடந்து போகும் தூரம் என்பதைக் கண்டிப்பாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். ரயில்வே லைனுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே பின்கோடு இருக்கலாம். ஸ்டேஷனுக்கு நடக்க முடிகிற வீடும், கேட் மூடினால் காத்து நிற்க வேண்டிய வீடும் ஒரே வாடகைக்குப் போகாது.

முடிந்த வாடகையை யார் சொல்வார்கள்? புதிதாகக் குடிவந்தவரே சொல்வார். நேராகக் கேட்டால் பெரும்பாலானவர்கள் மறைப்பதில்லை. தெருமுனை இஸ்திரிக்காரருக்கும் அப்பார்ட்மென்ட் வாட்ச்மேனுக்கும் எந்த வீடு எப்போது காலியானது, எத்தனை நாள் பூட்டிக் கிடந்தது என்பது தெரியும். புரோக்கரையும் கேட்கலாம். ஆனால் அவருக்கு ஒரு மாத வாடகை கமிஷன் என்பதை நினைவில் வைத்துக் கேட்க வேண்டும். உரிமையாளரிடம் அவர் சொல்லும் தொகையும் குடிவருபவரிடம் சொல்லும் தொகையும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை.

மொத்தமாகக் கையை விட்டுப் போவது எவ்வளவு?

ஒப்பிடும்போது முதலில் செய்ய வேண்டியது எல்லா வாடகையையும் ஒரே நிலைக்குக் கொண்டுவருவது. 'இருபத்திரண்டாயிரம்' என்பதில் மெயின்டனன்ஸ் உள்ளே இருக்கிறதா, வெளியே இருக்கிறதா? கோடையில் லாரித் தண்ணீருக்குத் தனியாகப் பணம் பிரிக்கிறார்களா? வாடகை என்ற பெயரில் எவ்வளவு, வேறு பெயரில் எவ்வளவு என்று பார்ப்பதைவிட, குடித்தனக்காரரின் கையை விட்டு மாதம் போகும் மொத்தத் தொகையை எடுத்துக்கொள்வதுதான் சரி. அவர் மனதுக்குள் ஒப்பிடுவதும் அதைத்தான்.

மின்சாரத்தையும் கேட்க வேண்டும். வீட்டுக்குத் தனி ஈபி மீட்டர் இருந்தால் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் குடித்தனக்காரருக்குக் கிடைக்கும். ஒரே இணைப்பிலிருந்து சப்-மீட்டர் போட்டு யூனிட்டுக்கு ஒரே விலையாக உரிமையாளர் வசூலித்தால், அந்தச் சலுகை குடித்தனக்காரருக்கு வந்து சேராது. தனி வீடுகளின் மாடிப் போர்ஷன்களில் இது சகஜம். வாடகை குறைவாகத் தெரியும். ஈபி பணமாக அது திரும்பிப் போய்விடும்.

அட்வான்ஸும் ஒரு மறைமுக வாடகைதான். எழுத்து ஒப்பந்தத்தில் வேறு மாதிரி சம்மதித்தால் ஒழிய, மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்கிறது புதிய சட்டம். அந்த 'ஒழிய' என்ற வாசலில் நுழைந்து பத்து மாத அட்வான்ஸ் கேட்கும் பழக்கம் சென்னையில் இன்னும் போகவில்லை. 18,000 ரூபாய் வாடகைக்குப் பத்து மாதம் என்றால் 1,80,000; மூன்று மாதம் என்றால் 54,000. வித்தியாசம் 1,26,000. வங்கியில் 7 சதவீத வட்டிக்குப் போட்டால் வருடத்துக்கு 8,820. மாதத்துக்கு 735 ரூபாய். பத்து மாத அட்வான்ஸ் வாங்கும் வீட்டின் வாடகையை மூன்று மாத அட்வான்ஸ் வீட்டோடு வைத்துப் பார்க்கிறவர் இந்த 735 ரூபாயைச் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

மாடிக்கு ஒரு விலை, ஆனால் ஊருக்கு ஊர் வேறு

மாடி விஷயத்தில் பொது விதி எதுவும் செல்லாது. லிஃப்ட் இல்லாத மூன்று மாடிக் கட்டிடத்தில் முதல் மாடிக்குத்தான் பொதுவாகக் கிராக்கி. இரண்டாவது மாடிக்கு ஏறும்போது தண்ணீர் கேனும் காஸ் சிலிண்டரும் முழங்கால் வலியும் கணக்கில் சேர்கின்றன. லிஃப்ட் வந்துவிட்டால் இந்த வரிசை மாறிவிடும். மேலே போகப் போகக் காற்றும் வெளிச்சமும் கூடும், கொசு குறையும்.

கடைசி மாடியின் கதை தனி. படுக்கையறைக்கு நேர் மேலே மொட்டை மாடி. பகல் முழுக்க வெயில் குடித்த கான்கிரீட், ராத்திரி பத்து மணிக்கும் சூட்டைக் கீழே இறக்கிக்கொண்டிருக்கும். ஃபேன் போட்டால் அனல் காற்று வரும். ஏசி ஓடும் நேரம் கூடுகிறது. மின் கட்டணமோ பயன்பாடு கூடக் கூட யூனிட்டுக்கு யூனிட் விலை ஏறுகிற மாதிரி அமைந்திருக்கிறது. மொட்டை மாடியில் வெப்பம் தடுக்கும் வெள்ளை டைல்ஸ் போட்டிருந்தால் இதற்காக வாடகையில் கழிக்க வேண்டிய தொகை குறையும். அதனால் கடைசி மாடி வீட்டைப் பார்க்கப் போகிறவர் காலை பத்து மணிக்குப் போகக் கூடாது. ஏப்ரல், மே மாதத்தில் சாயங்காலம் ஏழு மணிக்குப் போய்ப் படுக்கையறைச் சுவரின் மேல்பகுதியில் உள்ளங்கையை வைத்துப் பார்க்க வேண்டும்.

தரைத்தளத்துக்கு வந்தால் ஊர்தான் தீர்மானிக்கிறது. வயதானவர்கள் அதிகம் வாழும் நங்கநல்லூர் போன்ற இடத்தில் மேடான தெருவில் தரைத்தள வீடு உடனே போய்விடும். வேளச்சேரி, முடிச்சூர், மடிப்பாக்கத்தின் தாழ்வான தெருக்களில் 2015 டிசம்பரையும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலையும் பார்த்தவர்கள் தரைத்தளம் என்றதும் கேட்கும் முதல் கேள்வி, "தண்ணி எவ்வளவு உயரம் வந்துச்சு?" என்பதுதான். சுவரில் புதுப் பெயின்ட் அடித்து அந்தக் கோட்டை மறைக்கலாம். ஸ்விட்ச் பாக்ஸ்கள் எந்த உயரத்தில் இருக்கின்றன, கதவு நிலையின் அடிப்பகுதி உப்பியிருக்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

ஆகவே, 'ஒரு மாடிக்கு இரண்டு சதவீதம்' என்று எங்கிருந்தோ எடுத்த சூத்திரத்தை உங்கள் தெருவில் போட வேண்டாம். ஒரே கட்டிடத்தில் ஒரே அளவுள்ள இரண்டு வீடுகள் வேறு வேறு மாடியில் என்ன வாடகைக்குப் போயின என்று பாருங்கள். அந்த வித்தியாசம்தான் உங்கள் தெருவில் மாடியின் விலை. கார் பார்க்கிங், லிஃப்ட் எல்லாவற்றுக்கும் இதே வழிதான். பார்க்கிங் உள்ள வீடு 18,000, அதே கட்டிடத்தில் பார்க்கிங் இல்லாத வீடு 16,500 என்றால் பார்க்கிங்கின் விலை 1,500. இதற்கு மேல் வேறு ஆராய்ச்சி தேவையில்லை.

செலவழித்தது வேறு, மதிப்புக் கூடியது வேறு

உரிமையாளர்கள் அதிகம் சறுக்குவது வசதிகளிலும் வீட்டின் நிலையிலும்தான். இரண்டரை லட்சம் செலவழித்து மாடுலர் கிச்சன் போட்டவர், அதற்காக மாதம் மூவாயிரம் கூடுதலாக எதிர்பார்க்கிறார். அந்தத் தெருவில் கிச்சன் கப்போர்டு உள்ள வீட்டுக்கும் இல்லாத வீட்டுக்கும் வாடகை வித்தியாசம் எழுநூறோ எண்ணூறோதான் என்றால், அவருக்குக் கிடைப்பதும் அவ்வளவுதான். மிச்சத்தை அவர் தனக்காகச் செலவழித்தார் என்றே கொள்ள வேண்டும். ஹாலில் ஃபால்ஸ் சீலிங் போட்டவர்களுக்கும் இதே பதில்.

மறுபக்கம், மலிவான சில விஷயங்கள் வாடகையைப் பெரிதாக இழுத்துவிடும். ஓதம் ஏறி உப்புப் பொரிந்த சுவர், கதவு சரியாகச் சாத்தாத பாத்ரூம், காலை ஏழு மணிக்கு நூலாக ஒழுகும் குழாய் ஆகியவற்றைப் பார்த்துவிட்டுப் போகிறவர் பேரம்கூடப் பேசமாட்டார். திரும்பி வரமாட்டார், அவ்வளவுதான். குழாய் முனையிலும் ஷவரின் துளைகளிலும் வெள்ளையாக உப்பு படிந்திருந்தால் போர்வெல் தண்ணீர் உப்பு என்று அர்த்தம். அந்த வீட்டுக்கு வருபவர் குடிக்கக் கேனும், வாஷிங் மெஷினுக்குக் கவலையும் வாங்க வேண்டியிருக்கும். மெட்ரோ வாட்டர் இணைப்பு இருக்கிறதா என்பது பல பகுதிகளில் மாடுலர் கிச்சனைவிடப் பெரிய விஷயம்.

இங்கே ஒரே குறையை இரண்டு முறை கழித்துவிடும் ஆபத்தும் இருக்கிறது. 'பதினைந்து வருடப் பழைய கட்டிடம்' என்று ஆயிரம் கழித்துவிட்டு, 'பாத்ரூம் டைல்ஸ் பழசு', 'வயரிங் பழசு' என்று மறுபடியும் கழித்தால், கட்டிடத்தின் வயதையே மூன்று முறை எண்ணியதாகும். கட்டிடத்தின் வயதை விட்டுவிட்டு, கண்ணுக்குத் தெரியும் நிலையை மட்டும் பார்ப்பது நல்லது. நன்றாகப் பராமரித்த இருபது வருட வீடு, பராமரிக்காத எட்டு வருட வீட்டைவிட அதிக வாடகைக்குப் போவதை எந்தப் பகுதியிலும் பார்க்கலாம்.

பரப்பளவிலும் ஒரு எச்சரிக்கை. 850 சதுர அடி என்று சொல்வதில் மாடிப்படியிலும் நடைபாதையிலும் உள்ள பங்கு சேர்ந்திருக்கும். எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்பது பில்டருக்கு பில்டர் மாறும். டேப் வைத்து அறைகளை அளப்பதே வழி. அப்படி அளந்து ஒரு வீடு நூறு சதுர அடி பெரிது என்று தெரிந்தாலும், அந்த நூறு அடிக்கு முழு விலை போடக் கூடாது. இரண்டு படுக்கையறை தேடி வருபவருக்கு ஹால் கொஞ்சம் பெரிதாக இருப்பது மகிழ்ச்சிதான். மூன்றாவது அறைக்குத் தரும் பணத்தை அதற்குத் தரமாட்டார். பாதி விலை போட்டால் உண்மைக்குப் பக்கத்தில் வரும்.

ஒரு வீட்டின் கணக்கு

மடிப்பாக்கத்தில் ஒரு ஃபிளாட் என்று வைத்துக்கொள்வோம். தொகைகள் விளக்கத்துக்காக நான் போட்டவை, முறையைப் பாருங்கள். மூன்று மாடிக் கட்டிடத்தில் இரண்டாவது மாடி, லிஃப்ட் இல்லை. இரண்டு படுக்கையறை, 850 சதுர அடி, கார் பார்க்கிங் உண்டு. புதிதாகப் பெயின்ட் அடித்து, பாத்ரூம் டைல்ஸ் மாற்றியிருக்கிறார்கள். மெயின்டனன்ஸ் மாதம் 1,000, குடித்தனக்காரர் பொறுப்பு.

கணக்கில் ஒரு விதி முக்கியம். ஒப்பிடும் வீட்டின் தொகையைத்தான் திருத்த வேண்டும். அந்த வீட்டில் இருந்து நம் வீட்டில் இல்லாதது என்றால் கழிக்க வேண்டும்; நம் வீட்டில் இருந்து அங்கே இல்லாதது என்றால் கூட்ட வேண்டும். இதைத் தலைகீழாகப் போட்டுவிட்டு, கணக்குப் போட்டேன் என்று சொல்பவர்கள் நிறைய.

முதல் ஒப்பீடு, அதே கட்டிடத்தின் முதல் மாடி. மார்ச்சில் 18,000-க்குப் போனது. மெயின்டனன்ஸோடு சேர்த்து 19,000. ஒரு மாடி குறைவாக ஏறும் வசதி நமக்கு இல்லை, 500 கழிப்போம். நம் வீட்டில் புதுப் பெயின்டும் டைல்ஸும் இருப்பதற்கு 1,000 கூட்டுவோம். 19,500 வருகிறது. நம் மெயின்டனன்ஸ் 1,000 போக வாடகை 18,500.

இரண்டாவது, அடுத்த தெருவில் லிஃப்ட் உள்ள அப்பார்ட்மென்ட். மெயின்டனன்ஸ் உட்பட 22,000. லிஃப்டுக்கு 1,000 கழிப்போம். நூறு சதுர அடி பெரிது, பாதி விலையில் 1,000 கழிப்போம். மாடுலர் கிச்சனுக்கு 700. மிச்சம் 19,300, மெயின்டனன்ஸ் போக 18,300.

மூன்றாவது, ஒரு தனி வீட்டின் தரைத்தளம். 17,000, வேறு பிடித்தம் இல்லை. கார் நிறுத்த இடமில்லை, அதற்கு 1,500 கூட்டுவோம். மழைக்காலத்தில் தண்ணீர் புகுந்த தெரு, 1,000 கூட்டுவோம். படி ஏற வேண்டாம் என்ற சௌகரியத்துக்கு 700 கழிப்போம். 18,800, மெயின்டனன்ஸ் போக 17,800.

மூன்று விடைகள்: 18,500, 18,300, 17,800. இதைக் கூட்டி மூன்றால் வகுப்பது சோம்பல். எந்த வீட்டில் கைவைத்தது குறைவோ, அதை அதிகம் நம்ப வேண்டும். முதல் வீட்டில் கூட்டியதும் கழித்ததும் சேர்ந்து 1,500 ரூபாய்தான். மூன்றாவது வீட்டில் 3,200; மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் கீழே. அவ்வளவு திருத்த வேண்டியிருந்தால் அது நம் வீட்டைப் போன்ற வீடே அல்ல. ஆக, இந்த ஃபிளாட்டின் வாடகை 18,300-க்கும் 18,500-க்கும் இடையில். 19,000 சொல்லி 18,500-க்கு முடிக்கலாம். இன்னும் ஒரு சுற்று நடந்து நான்காவது வீடு கிடைத்தால், இந்தத் தொகை நிற்கிறதா என்று சரிபார்க்கலாம்.

இதே தெருவில் 23,000 என்று விளம்பரம் போட்டு இரண்டு மாதமாகக் காத்திருக்கும் இன்னொரு உரிமையாளர் இருக்கிறார் என்றும் வைத்துக்கொள்வோம். நம்முடையவர் அதைப் பார்த்து ஆசைப்பட்டு 21,000 சொன்னார். இரண்டு மாதம் வீடு பூட்டிக் கிடந்தது. இழந்தது 37,000. அப்புறம் ஒருவர் 21,000-க்கே வந்துவிட்டார் என்று கொண்டாலும், மாதம் கூடுதலாக வரும் 2,500-இல் அந்த 37,000-ஐ எடுக்கப் பதினைந்து மாதம் ஆகும். ஒப்பந்தமோ பதினோரு மாதம். சைவம் மட்டும், இன்னார் மட்டும் என்று நிபந்தனை போட்டுத் தேடுபவர்களும் இதே கணக்கைத்தான் சந்திக்கிறார்கள்; பார்க்க வருபவர்களில் பாதிப் பேரை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டு, வாடகை ஏன் படியவில்லை என்று புரோக்கரைத் திட்டுகிறார்கள்.

ஆண்டுக்குப் பத்து சதவீதம் எங்கிருந்து வந்தது?

பதினோரு மாதம் முடிந்ததும் ஐந்து சதவீதமோ பத்து சதவீதமோ ஏற்றுவது சென்னையில் ஒரு சடங்காகிவிட்டது. தெருவின் வாடகை ஏறியதா, இறங்கியதா என்று யாரும் பார்ப்பதில்லை. மெட்ரோ ரயில் வேலைக்காகச் சாலையைத் தோண்டி, தூசியும் நெரிசலும் நிறைந்த தெருவிலும் அதே ஏற்றம். ஸ்டேஷன் திறந்துவிட்ட தெருவிலும் அதே ஏற்றம். அதே மூன்று வீட்டுக் கணக்கை வருடம் ஒருமுறை போட்டால் போதும். ஏற்ற இடமிருந்தால் ஏற்றலாம். இல்லையென்றால், பழைய வாடகையில் இருப்பவரை அனுப்பிவிட்டு, பெயின்ட் அடித்து, புரோக்கருக்குக் கொடுத்து, ஒரு மாதம் காலியாகவும் வைத்திருப்பதைவிட அப்படியே தொடர்வது லாபம்.

ஏற்றத்தை ஒப்புக்கொள்ள முடியாவிட்டால் இப்போதைய சட்டப்படி வாடகை அதிகாரியிடம் போகலாம். அங்கே ஒருவர் 'ரொம்ப ஜாஸ்தி' என்பார், இன்னொருவர் 'ரொம்பக் கம்மி' என்பார். இருவரிடமும் தாள் இல்லாவிட்டால் அதிகாரி எதை வைத்து முடிவு செய்வார்?

ஜெர்மனியில் இதற்கு வழி வகுத்திருக்கிறார்கள். வாடகையை உயர்த்த விரும்பும் உரிமையாளர் காரணம் காட்ட வேண்டும். ஒப்பிடத்தக்க மூன்று வீடுகளின் வாடகையைச் சுட்டிக்காட்டுவது, சட்டம் ஏற்கும் காரணங்களில் ஒன்று. அதோடு, நகரங்கள் வெளியிடும் வாடகைப் பட்டியலும் இருக்கிறது. வீட்டின் வகை, அளவு, வசதி, நிலை, இருப்பிடம் ஆகியவற்றின்படி அந்தப் பகுதியில் வழக்கமான வாடகை என்ன என்பதை அது சொல்லும். 50,000-க்கு மேல் மக்கள்தொகை உள்ள ஊர்கள் இத்தகைய பட்டியலைத் தயாரித்தாக வேண்டும் என்று 2022 ஜூலை முதல் அங்கே கட்டாயமாக்கியிருக்கிறார்கள். அவர்களுடைய வாடகை உச்சவரம்புகளை நாம் இங்கே கொண்டுவர வேண்டியதில்லை. அவை அங்கேயே சர்ச்சைக்குரியவை. பட்டியலை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

என்ன செய்யலாம்?

அப்பார்ட்மென்ட் சங்கங்கள் இன்றே தொடங்கக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. வீட்டு எண்ணையும் பெயரையும் விட்டுவிட்டு மாடி, அளவு, பார்க்கிங், வாடகை, குடிவந்த மாதம் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி வைக்கலாம். ஐம்பது வீடுள்ள வளாகத்தில் இரண்டு வருடத்தில் நல்ல ஒப்பீடுகள் சேர்ந்துவிடும். பக்கத்து வளாகத்தோடு பரிமாறிக்கொண்டால் இன்னும் நல்லது.

வாடகை அதிகாரியிடம் வரும் மனுக்களில், ஏற்றம் கேட்பவரும் எதிர்ப்பவரும் ஆளுக்கு மூன்று வீடுகளின் விவரத்தை இணைக்க வேண்டும் என்று மனுப் படிவத்திலேயே ஓர் இடம் ஒதுக்கலாம். எதை வைத்துக் கூட்டினார்கள், எதை வைத்துக் கழித்தார்கள் என்று எழுதச் சொன்னாலே பாதித் தகராறு மனு வரைக்கும் வராது.

வாடகை ஒப்பந்தங்களைப் பதிவு செய்யத் தமிழ்நாடு அரசு tenancy.tn.gov.in என்ற இணையதளத்தை வைத்திருக்கிறது. பதிவாகும் ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் ஒரு முடிந்த வாடகை இருக்கிறது, விளம்பரத் தொகை அல்ல. பெயரையும் கதவு எண்ணையும் நீக்கிவிட்டு, தெருவாரியாக, அறை எண்ணிக்கைவாரியாக, மாதவாரியாக அந்தத் தொகைகளை வெளியிடலாம். பதிவு செய்யும்போதே மாடி, லிஃப்ட், பார்க்கிங், தனி மீட்டர், மெயின்டனன்ஸ் உள்ளே, வெளியே என்று ஐந்து கட்டங்களைச் சேர்த்தால் அது முழுமையான வாடகைப் பட்டியலாகிவிடும். தங்களுக்கும் பயன்படும் தகவல் கிடைக்கிறது என்று தெரிந்தால், இன்று ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் தவிர்ப்பவர்களில் பலர் பதிவு செய்யவும் வருவார்கள்.

அதுவரை வீடு பார்க்கப் போகிறவர்களும் வீடு விடுகிறவர்களும் ஒரு தாளில் மூன்று வீடுகளை எழுதிக்கொண்டு பேச உட்காருங்கள். எதிரில் இருப்பவரிடம் அந்தத் தாளைக் காட்டுங்கள். தொகையில் உடன்பாடு வராவிட்டாலும், எந்த வரியில் வேறுபடுகிறீர்கள் என்பதாவது தெரியும்; பேரத்தை அந்த வரியோடு நிறுத்திக்கொள்ளலாம்.